வெறும் வயிற்றில் வராதீர்கள்

எங்கள் கல்லூரி ரத்ததான மன்றத்தில் யாருக்கும் எழுதப் பிடிக்காது. பேனர் பிடிக்க ஆள் வரும், ஃபோட்டோவுக்கு நிற்க ஆள் வரும். இன்ஸ்டாவில் போடும் படத்துக்குக் கீழே நாலு வரி எழுது என்றால் எல்லோருக்கும் திடீரென்று கிளாஸ் இருக்கும். அதனால் இரண்டாம் ஆண்டிலிருந்து அந்த வேலை என் தலையில் விழுந்தது. எனக்கும் அது தோதாக இருந்தது. மேடையேறிப் பேசச் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன்.

பொறுப்பாசிரியருக்கு வசனம் வேண்டும். "ஒரு துளி ரத்தம், ஒரு உயிர்னு ஆரம்பிம்மா, அப்பத்தான் நாலு பேரு நின்னு படிப்பான்" என்பார். எனக்கு அந்தத் துளிக் கதையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். துளியெல்லாம் எதற்கும் காணாது. பை பையாக ஏற்றியும் போதாமல் போனதை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பார்த்தவள் நான். போனது என் அக்கா.

அக்காவுக்குப் பிரசவம் நல்லபடியாகத்தான் ஆனது. பெண் குழந்தை. அதற்குப் பிறகு உதிரம் நிற்கவில்லை. அவளுக்கு பி நெகட்டிவ். இருந்ததை எல்லாம் ஏற்றிவிட்டார்கள், இன்னும் வேண்டும், அதே குரூப் ஆள் இருந்தால் கூட்டிவாருங்கள் என்றார்கள். எனக்கும் அப்பாவுக்கும் பாசிட்டிவ். அம்மாவுக்குத்தான் பி நெகட்டிவ். அம்மா சேலையைத் தோள் வரை ஏற்றிவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு ஓடினாள். விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "உங்க உடம்புலயே ரத்தம் இல்லம்மா, உங்ககிட்ட எடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் சொன்னது சரிதான். மதுரையிலிருந்து ஒருவர் பைக்கில் வந்துகொண்டிருந்தார். அவர் வந்து சேர்ந்தபோது வேண்டியிருக்கவில்லை.

குழந்தை இப்போது நத்தத்தில் அதன் அப்பா வீட்டில் வளர்கிறது. அத்தான் மறுகல்யாணம் செய்துகொண்டார். நல்ல மனுஷன்தான். அக்காவுக்குத் தெவசம் அவர் வீட்டில், அவர் கையால் நடக்கும். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பெற்றவள் திதி கொடுக்க எங்கள் பக்கம் வழக்கமில்லை. என் அம்மாவுக்கு அதில் பங்கு கிடையாது. அன்றைக்கு எரியோட்டில் எங்கள் வீட்டில் அம்மா பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் இருப்பாள், அக்காவுக்குப் பிடித்ததைச் சமைத்துக் கூரையில் காக்கைக்கு வைப்பாள், அது எடுத்த பிறகுதான் சாப்பிடுவாள். அவளாக வைத்துக்கொண்ட வழக்கம். யாரும் கேட்கவுமில்லை, தடுக்கவுமில்லை.

அந்த வருட முகாமுக்கு நான் வசனம் எழுதவில்லை. அதற்கு முந்தைய முகாமில் வந்தவர்களில் பாதிப்பேர் திரும்பிப் போனார்கள். ஹாஸ்டல் பையன்கள் காலையில் ஒன்றும் தின்னாமல் வந்து, ஒருவன் எழுந்து நிற்கும்போதே மடங்கி விழுந்தான். இன்னொருத்தி முந்தின மாதம்தான் கையில் பச்சை குத்தியிருந்தாள். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட்டால் என்ன என்று, படத்துக்குக் கீழே இப்படி எழுதினேன்:

"கல்லூரிக் கருத்தரங்கக் கூடம், நூலகத்துக்கு எதிரே. காலை ஒன்பது முதல் மதியம் ஒரு மணி வரை. பொதுமக்களும் வரலாம். வயது பதினெட்டுக்கு மேல். முதல்முறை கொடுப்பவர் என்றால் அறுபதுக்குள். எடை நாற்பத்தைந்து கிலோவுக்குக் குறையக் கூடாது. ஹீமோகுளோபின் பன்னிரண்டரை இருக்க வேண்டும், அதை இங்கேயே பார்ப்பார்கள். கடைசியாகக் கொடுத்து ஆண்கள் மூன்று மாதம், பெண்கள் நான்கு மாதம் ஆகியிருக்க வேண்டும். ஒரு வருடத்துக்குள் பச்சை குத்தியவர்கள், காய்ச்சலில் இருப்பவர்கள் இந்தமுறை வேண்டாம். இரவு நன்றாகத் தூங்குங்கள். வெறும் வயிற்றில் வராதீர்கள். அடையாள அட்டை கொண்டுவாருங்கள்."

சார் படித்துவிட்டு, "ரேஷன் கடை போர்டு மாதிரி இருக்கும்மா" என்றார். இருக்கட்டும் சார் என்றேன். அதையே என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட்டேன். தேதியை நாங்கள் முடிவு செய்யவில்லை. அரசு ரத்த வங்கிக்காரர்கள் எந்த நாள் வர முடியுமோ அந்த நாள்தான். அது ஆவணி வளர்பிறை சப்தமி என்பது என் மண்டைக்கு எட்டவே இல்லை. அக்கா போன இங்கிலீஷ் தேதிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. நான் அதைத்தான் நெஞ்சில் வைத்திருந்தேன்.

முகாமன்று நான் பதிவு மேசையில் உட்கார்ந்திருந்தேன். படிவத்தைக் கொடுத்து, எடை பார்த்து, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதிவிட்டு உள்ளே அனுப்புவது என் வேலை. கூட்டம் கொஞ்சம் குறைந்தபோது நிமிர்ந்தால் எதிரே அம்மா. தலைக்குக் குளித்து ஈரம் காயாமல் முடிந்திருந்தாள். கக்கத்தில் ஆதார் அட்டையை வைத்த மஞ்சப் பை. பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்து வந்த முகம்.

"என்னம்மா இங்க?"

"நீதான போட்டுருந்த. பொதுமக்களும் வரலாம்னு" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "இன்னைக்கு உங்க அக்காவுக்குத் திதி தாயி. உனக்கு ஞாவகம் இல்லையாக்கும். இதே நாள்ல வருதுன்னதும் எனக்கு அவளே கூப்புட்ட மாதிரி இருந்துச்சு. அன்னைக்குக் குடுக்க முடியாதத இன்னைக்குக் குடுத்துப்புடுறேன்" என்றாள்.

ரெண்டு வருடமாக முருங்கைக்கீரை தின்றிருக்கிறாள். முருங்கைத் தோட்டமே வைத்திருக்கிறோம், ஆனால் அதற்கு முன்பு அவள் தட்டில் நான் கீரையைப் பார்த்ததில்லை. எங்களுக்கு வைத்துவிட்டுச் சட்டியில் ஒட்டியிருக்கும் குழம்பைத்தான் வழித்துக்கொள்வாள். ஊர் நர்ஸம்மாவிடம் சத்து மாத்திரை வாங்கித் தின்றதும், அது வயிற்றைப் புரட்டப் புரட்ட விடாமல் தின்றதும் எல்லாம் அந்த மேசைக்கு முன்னால் நின்றுதான் சொன்னாள். ஹாஸ்டலில் இருக்கும் எனக்குத் தெரியாமலே செய்திருக்கிறாள்.

எடை பார்த்தேன். தேறியது. படிவத்தை எழுதினேன். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்ற இடத்தில் பேனா நின்றது.

"ராத்திரி சாப்டது. இன்னைக்கு எப்புடிச் சாப்புடுவேன்?" என்றாள் அம்மா.

நான் எழுதியதை அவள் முழுக்கப் படித்துத்தான் வந்திருந்தாள். ஆனால் அந்த வரியை ஊர்ச்சோம்பேறிகளுக்குச் சொன்னது என்று நினைத்துக்கொண்டாள். திதியன்று விரதம் இருப்பதை எந்த டாக்டரும் குற்றம் சொல்ல மாட்டார் என்பது அவள் கணக்கு. நான், "அம்மா, வெறும் வயித்தோட உள்ள விட மாட்டாங்க. நாளைக்குப் பெரியாஸ்பத்திரி ரத்த வங்கிக்கே போவோம், நானே கூட வாரேன். இப்ப வீட்டுக்குப் போய்க் காக்காய்க்கு வையி" என்று கெஞ்சினேன்.

"நாளைக்குக் குடுத்தா அது வேறடி. இன்னைக்குத்தான் குடுக்கணும்."

அவள் பிடித்தால் பிடித்ததுதான், அப்பாவே அசைக்க முடியாது. வெளியே போய் மரத்தடியில் உட்கார்ந்து மஞ்சப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "போயி எதாச்சும் வாங்கிட்டு வா. அவளுக்காகத்தான சாப்புடுறேன், கோவிச்சுக்க மாட்டா" என்றாள்.

கேண்டீனில் இருந்து இட்லி வாங்கி வந்தேன். அம்மா தெற்கே பார்த்துக் கும்பிட்டாள். முதல் வாயை எடுத்து ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தாள். தின்னும்போது கண்ணீர் இலையில் விழுந்துகொண்டே இருந்தது. துடைக்கவில்லை. நான் பக்கத்தில் நின்று தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு கஷ்டப்பட்டு யாரும் ஒரு இட்லியை விழுங்கி நான் பார்த்ததில்லை.

சாப்பாடு இறங்கட்டும் என்று அரைமணி நேரம் போல உட்காரவைத்துவிட்டு, மேசையைத் தோழியிடம் கொடுத்துவிட்டு நானே உள்ளே கூட்டிப்போனேன். நர்ஸக்கா விரலில் குத்தினார். ஒரு சொட்டை எடுத்து, குப்பியில் இருந்த நீலத் தண்ணீரில் விட்டார். ரத்தம் கெட்டியாக இருந்தால் சொட்டு நேரே அடிக்குப் போகும். முந்தைய முகாம்களில் நூறு சொட்டு முங்கியதைப் பார்த்திருக்கிறேன். அம்மாவின் சொட்டு கொஞ்சம் இறங்கியது. பாதியில் நின்று, மெல்ல மேலே வந்துவிட்டது.

நர்ஸக்கா என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "இருங்க, மிஷின்லயும் பாத்துருவோம்" என்று மறுபடி குத்திப் பார்த்தார். பதினொன்று புள்ளி எட்டு.

"கொஞ்சந்தான் கொறையுது தாயி. எடுத்துக்கங்களேன்" என்றாள் அம்மா. "எனக்கு ஒண்ணும் ஆகாது. ஆனாலும் பரவாயில்ல."

"அப்புடி எடுக்கக் கூடாதும்மா. உங்களுக்கே பத்தலையே. மாத்திரைய விடாமச் சாப்புடுங்க, அடுத்த தடவ கண்டிப்பாக் குடுக்கலாம்" என்று அவர் தன்மையாகத்தான் சொன்னார். அம்மா நீட்டிய கையை மடக்கவே இல்லை. "அன்னைக்கும் இதைத்தான் சொன்னாங்க" என்றாள். அடுத்து நின்ற பையன் தலையைக் குனிந்துகொண்டான். நான்தான் அவள் கையைப் பிடித்து மடக்கி, சேலையை இழுத்துவிட்டேன்.

வெளியே வரும்போது என் தோழி விஷயம் தெரியாமல் ஜூஸும் பிஸ்கட்டும் கொண்டுவந்து நீட்டினாள். "அது குடுத்தவங்களுக்கு" என்று அம்மா விலக்கிவிட்டாள்.

முகாமை அப்படியே விட்டுவிட்டு அவளோடு பஸ் ஏறினேன். வீட்டுக்குள் போனதும் நேரே அடுப்படிக்குப் போய், விடியற்காலையிலேயே சமைத்து மூடிவைத்திருந்த சோற்றையும் கத்தரிக்காய் வெஞ்சனத்தையும் இலையில் வைத்து எடுத்துவந்தாள். என்னைத்தான் கூரையில் வைக்கச் சொன்னாள். நீயே வையேன்மா என்றதற்குத் தலையை ஆட்டினாள்.

"நான் எப்புடிடி வைப்பேன்? காலையில இருந்து அவ பசியோட காத்துக்கிட்டு இருக்கா. நான் அவளுக்கு முன்னாடி சாப்புட்டுட்டேன். சாப்புட்டும் குடுக்கலையே."

அப்படியே முற்றத்தில் உட்கார்ந்து, அக்கா போன அன்று அழுததைப் போல அழுதாள். நான் இலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.