நடுவர் நாற்காலியில் என்னை உட்கார வைத்தவன்

"காலேஜ்ல பசங்க புதுசா கம்பெனி ஆரம்பிக்கிற போட்டியாம். நடுவரா ஒரு லோக்கல் யாவாரி வேணுமாம். நீ போ. எனக்கு வேலை இருக்குது" என்றான் என் கூட்டாளி. பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதன். செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு அமாவாசைக்கு அமாவாசை இரண்டு வேன் ஓட்டுகிறோம். போன், கணக்கு அவன். ஸ்டியரிங், சண்டை நான். நமக்கும் ஒரு மரியாதையா என்று வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். என்னை மாதிரி ஒரு மடையன் உண்டா!

நடுவர்கள் மூன்று பேர். பேங்க் மேனேஜர், சென்னை சாஃப்ட்வேர்காரர், நான். போட்டியை நடத்திய மேடம் ஆளுக்கொரு மார்க் தாளைக் கொடுத்து விளக்கினார். பிரச்சனை நிஜமானதா, அதற்குச் சந்தை இருக்கிறதா, செய்து முடிக்கிற டீமா, சொல்வது தெளிவாக இருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். கடைசி டீம் முடியும் வரை நடுவர்கள் தங்களுக்குள் கலந்து பேசக்கூடாது. வேண்டியவர்கள் யாராவது வந்தால் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். எனக்கு யார் வரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் வந்த டீம்கள் வளவளவென்று பேசின. ஒரு பையன் உலகத்துக்கே விற்பேன் என்றான். முதல் ஆளுக்கு எப்படி விற்பாய் என்று கேட்டதற்கு மறுபடியும் உலகப் படத்தையே காட்டினான். பிறகு ஒரு பெண் மேடையேறினாள். அமாவாசைக் கூட்டத்துக்கு வேன் சீட்டைப் போனிலேயே பதிவு செய்கிற ஏற்பாடு அவளுடையது. அடடே, நம்ம தொழில் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"வேன் ரொம்புற வரைக்கும் ஜனங்க காத்துக் கெடக்கிறாங்க. எப்ப கெளம்பும்னு கேட்டா கத்துறாங்க. ஒரு ஓனர் வாய்க்குப் பயந்தே குடும்பத்தோட பஸ்ல தொங்கிட்டுப் போறவங்க இருக்காங்க" என்றாள். மண்டபமே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். 'பிரச்சனை' என்பதற்கு எதிரே ஒன்பது போட்டேன். நிஜமான பிரச்சனைதானே.

சந்தை எவ்வளவு என்று மேனேஜர் கேட்டார். அவள் தடுமாறவே இல்லை. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து தாங்களே தலை எண்ணியதைச் சொன்னாள், எத்தனை பேர் முன்பணம் கட்டத் தயார் என்று கேட்டதையும் சொன்னாள். கெட்டிக்காரிதான் என்று நினைத்தேன். அப்புறம் டீமின் படம் திரையில் வந்தது. அவள், கூடப் படிக்கிற இரண்டு பேர், நான்காவதாக என் கூட்டாளி. பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"வண்டி ஓட்டுற பொறுப்பு இவரோடது. சொந்தமா ரெண்டு வேனோட எங்ககூட சேர்றார்."

கேள்வி கேட்க என் முறை வந்ததும் மைக்கை வாங்கினேன்.

"அந்த ரெண்டு வேனும் யாரோடதும்மா?"

"அவரோடதுதான் சார். ஆர்.சி. புத்தகம் வாங்கிப் பாத்துட்டோம்."

அவள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. பாதிப் பணம் என்னுடையது, இரண்டு வண்டியும் அவன் பேரில். எவன் பேர்ல இருந்தா இன்னா என்று சொன்னவன் நான்தான். அவள் சொன்ன அந்த ஓனர் வாய் யாருடையது, அதை அவளிடம் எவன் சொல்லியிருப்பான் என்பதெல்லாம் அப்போதுதான் உறைத்தது.

எழுந்து போய் மேடத்திடம் தாளை நீட்டினேன். "இந்த டீமுக்கு நான் மார்க் போடக்கூடாதுங்க."

"உங்களுக்கு வேண்டியவங்களா சார்?"

"வேண்டியவனா இருந்தான்."

அந்த டீமுக்கு மட்டும் மற்ற இரண்டு பேரின் சராசரியை எடுத்துக்கொண்டார்கள். முதல் பரிசு அவர்களுக்குத்தான். கோப்பையை என் கையாலேயே கொடுக்க வைத்தார்கள். அந்தப் பெண் மெதுவாக, "சார், எங்ககிட்ட இன்னா சரி பண்ணணும்?" என்று கேட்டாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"ஆர்.சி.ய பாத்தீங்க. ஆளையும் விசாரிச்சுப் பாருங்கம்மா" என்றேன்.

வெளியே வந்து அவனுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான். காத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"ஏன்டா, இதை நேர்ல சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா நீ கத்துவடா. அங்க நாலு பேர் முன்னாடி, நடுவரா உக்காந்துகினு கத்த மாட்டியேன்னுதான்..."

பயணிகளிடம் கத்தியிருக்கிறேன், டிக்கெட் கிழிக்கிறவனிடம் கத்தியிருக்கிறேன், போலீஸ்காரரிடமே கத்தியிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் நான் ஒரு நாளும் கத்தாத ஆள் அவன் ஒருத்தன்தான்.