தங்கை அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியுமாக உட்கார்ந்திருந்தபோது தங்கையிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. கல்யாண ஆப் ஒன்றில் எடுத்த ஸ்கிரீன்ஷாட். நீலச் சட்டை போட்ட ஒரு மனிதர், ஐம்பத்தொரு வயது, காட்டாக்கடையில் மோட்டார் பம்பு கடை, மனைவி இறந்துவிட்டார், ஒரே மகன் வெளிநாட்டில். கீழே தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதியிருந்தார். படத்தோடு தங்கை ஒரு சொல்கூட எழுதவில்லை.

தங்கைக்கு நாற்பத்தாறு வயது. பாறசாலையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. கணவர் இறந்து எட்டு வருடம் ஆகிறது. மகள் பெங்களூரில் நர்சிங் படிக்கிறாள். இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்தபோது அவள் நினைவு எனக்கு வரவில்லை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

முப்பது வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் சபையில் கல்யாணக் கார்டு முதல் கல்லறைக் கல் வரை என் கண்ணில் படாமல் அச்சேறாது. லேபுக்கு வந்த யாரோ தன் விவரத்தைத் திருத்தித் தரச் சொல்லியிருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். அந்த மனிதர் 'சிம்பிள் மேன்' என்பதற்கு முன்னால் ஓர் 'எ' போட மறந்திருந்தார். மனைவி இறந்ததற்கு, மருந்துக் குப்பி காலாவதியானதற்குச் சொல்லும் வார்த்தையைப் போட்டிருந்தார். படத்தின் மேலேயே சிவப்பில் சுழித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, பத்துக்கு நான்கு மார்க்கும் போட்டு அனுப்பினேன். தங்கை ஒரு கட்டைவிரலை அனுப்பினாள். நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

படத்தை என் மனைவியும் வாங்கிப் பார்த்தாள். என் உத்தியோகப் பெருமை அத்தோடு முடிந்தது.

"கேட்டியளா, இது திருத்தக் குடுத்த ஆளுக்க போனிலே எடுத்த படம் இல்ல. சொந்த விவரம்னா திருத்துறதுக்கு பென்சில் அடையாளம் காணும். இதிலே அடியிலே பாருங்க, 'உங்கள் மேல் விருப்பம் தெரிவித்திருக்கிறார்'னு கிடக்கு. ஏற்கவா வேண்டாமான்னு ரெண்டு பட்டன். இந்த ஆளு உங்க தங்கச்சியைக் கேட்டிருக்காராக்கும்."

நான் மரச்சீனியை மென்றுகொண்டே இருந்தேன். தங்கைக்கு அந்த ஆப்பில் ஒரு கணக்கு இருக்கிறதா? யார் தொடங்கினார்கள்? மேலே மூலையில் அவள் படம் ஒரு பொட்டு அளவுக்கு இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். போன கிறிஸ்துமஸுக்கு மகள் எடுத்த படம்.

"அப்பம் இதை எதுக்கு எனக்கு அனுப்பினா?"

"விசாரிக்கத்தான். பின்ன நிங்களை என்னத்துக்குக் கொள்ளும்?"

அப்படியானால் விசாரணை. அவளிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாதவன் என்று ஆகிவிடுமே. அந்த மனிதரின் புகைப்படத்தைக் கூகுளில் போட்டுத் தேடினேன், வேறு யாராவது பெயரில் உலவுகிறதா என்று. எங்கும் இல்லை. பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைச் சரி அடையாளம் இருந்தது. அது போன் நம்பரும் அடையாள அட்டையும் ஒத்துப்போகிறது என்பதற்கு மட்டும்தான். குணத்துக்கு ஆப்காரர்கள் உத்தரவாதம் கொடுப்பதில்லை. குணத்தை நேரில் போய்ப் பார்ப்பதென்று முடிவெடுத்தேன். மனைவியிடம் மட்டும் சொன்னேன். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னேன்.

வியாழக்கிழமை நெய்யாற்றின்கரையில் பஸ் மாறி காட்டாக்கடையில் இறங்கினேன். கடை சின்னது, சுத்தமாக இருந்தது. அந்த மனிதர் அதே நீலச் சட்டையில் ஒரு பம்பைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டு மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை என்று ஆரம்பித்தேன்.

"மோட்டோர் எத்ர எச்.பி. ஆணு சாறே?" எத்தனை எச்.பி. என்று மலையாளத்தில் கேட்டார்.

தெரியாது.

"கிணறோ, போர்வெல்லோ?"

எங்கள் வீட்டில் குழாய்த் தண்ணீர். கொஞ்சம் யோசித்துவிட்டு, கிணறு என்றேன். எத்தனை அடி என்று கேட்டார். நான் கூரையைப் பார்த்தேன்.

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். தமிழுக்கு மாறினார். "சார் பாறசாலையிலேருந்து வாறியளா?"

"எப்பிடித் தெரியும்?"

"இந்த வாரம் மோட்டார் இல்லாம மோட்டார் கேட்டு வந்ததிலே நிங்க மூணாமத்த ஆளு. திங்களாழ்ச்ச ஒருத்தர் வந்து எனக்கு சுகர் உண்டான்னு கேட்டாரு. ஒரு அம்மா வந்து, குடிப்பியளான்னு நேராவே கேட்டாங்க. நேத்து எங்க போதகரை உங்க போதகர் போனிலே விளிச்சு, நான் காணிக்கை ஒழுங்கா போடுதேனான்னு விசாரிச்சாராம்."

சுகர் கேட்டது என் மைத்துனர். குடி கேட்டது மாதர் சங்கத்துக் காரியதரிசி. என் மனைவி யாரிடமும் சொல்லவில்லை. தனித்தனியாக மூன்று பேரிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவர் கோபப்படவில்லை. பக்கத்துக் கடையில் ஒரு சாயா வாங்கி வந்து என் கையில் கொடுத்தார்.

"எல்லாரும் வந்தாச்சு சாறே. அவங்க மட்டும் இன்னும் ஒண்ணும் சொல்லல்ல. இஷ்டம் இல்லேன்னா வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. ஞாயிறாழ்ச்ச வரை பாப்பேன். பின்ன சங்கடப்படுத்த மாட்டேன்."

திரும்பும் பஸ்ஸில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது, அல்லது அப்படி நினைத்தேன். பாவம், என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல்தான் அனுப்பியிருக்கிறாள். அமரவிளை தாண்டுவதற்குள் போனில் ஒரு பதில் தயார் செய்தேன். 'தாங்கள் தெரிவித்த விருப்பம் கிடைக்கப்பெற்றேன்' என்று தொடங்கி மூன்று பத்தி. நேராகத் தங்கை வீட்டுக்குப் போனேன்.

அவள் லேபிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். நடந்ததெல்லாம் சொன்னேன். மைத்துனர் சுகர் கேட்டதைச் சொன்னபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எழுதிய பதிலை வாசித்தேன். அதற்கும் சிரித்தாள்.

"அண்ணா, நான் பதிலு எழுதித் தரச் சொல்லல்ல. ரெண்டு வரி எழுத எனக்குத் தெரியாதா?"

"அப்பம் விசாரிக்கவா?"

"எனக்க கூட வேலை பாக்குற சேச்சிக்கு அவரு சபைதான். ஒரு போன்லே எல்லாம் கேட்டாச்சு. நல்ல மனுசன்."

"பின்ன எதுக்குடீ அனுப்பினே?"

அவள் சிரிப்பு நின்றது. முந்தானையின் ஓரத்தை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைதான் நிர்ப்பந்திச்சு அந்த ஆப்பிலே சேத்து விட்டா. எனக்கும் வேண்டாம்னு இல்ல. சாயங்காலம் வந்து கதவைத் திறந்தா பேச ஆளில்ல அண்ணா. அதை எப்பிடி எழுதுவேன் உங்களுக்கு? படத்தைப் பாத்தா நிங்களே ஏதாவது சொல்லுவியன்னு நினைச்சேன். நிங்க மார்க்கு போட்டு அனுப்பினிய." முந்தானையை விட்டாள். "நான் இன்னொரு கல்யாணம் கெட்டினா உங்களுக்குக் குறைச்சல் உண்டா?"

நான் யோசித்தது முழுக்க அந்த மனிதரைப் பற்றி. அவருடைய இலக்கணம், அவருடைய சுகர், அவருடைய காணிக்கை. பாறசாலையிலிருந்து காட்டாக்கடை வரை ஆள் போனது; இரண்டு தெரு தள்ளி இருக்கிற இந்த வீட்டுக்கு யாரும் வந்து கேட்கவில்லை. எட்டு வருடமாக நானும் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"இல்ல மக்கா," என்றேன். "எனக்கு ஒரு குறைச்சலும் இல்ல."

அவள் போனை எடுத்து, நான் பார்க்கும்படியே பிடித்து, ஏற்கிற பட்டனை அழுத்தினாள்.