கனம் மாற்றும் பெண்ணும் என் மனைவியும்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நாங்கள் டெக்சஸ் மாநிலத்தின் பிளானோ நகரில் இருந்தோம். அங்கே ஒரு கம்பெனியில் எனக்கு புரோகிராம்களில் பிழை கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேர் டெஸ்டர் வேலை. என் மனைவி கோயம்புத்தூரில் கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள். இங்கே அவளுக்குக் கிடைத்தது டிபெண்டன்ட் விசா. வேலை பார்க்க முடியாது. முதல் வருஷம் முழுக்க நூலகத்திலிருந்து ஃபேன்டசி நாவல்களை அள்ளிக்கொண்டு வந்து படித்தாள். இரண்டாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தோசை ஊற்றி முடித்த கையோடு, முந்நூறு பக்கக் கட்டு ஒன்றை என் முன்னால் வைத்தாள்.

“நீங்க டெஸ்டர்தானுங்களே? இதை டெஸ்ட் பண்ணுங்க.”

அவள் ஆங்கிலத்தில் நாவல் எழுதிக்கொண்டிருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும்.

கதை ஒரு துறைமுக நகரத்தில் நடந்தது. கதாநாயகிக்கு ஒரு பொருளின் கனத்தை எடுத்து இன்னொரு பொருளுக்குள் போடும் சக்தி உண்டு. ஊருக்கு வடக்கே ஒரு ஏரி. அதன் கரையில் நடப்பவர்களை, இறந்துபோனவர்களின் குரலில் அது பெயர் சொல்லிக் கூப்பிடும். போனவர்கள் திரும்புவதில்லை. இரண்டு நாளில் படித்து முடித்தேன். கடைசியில் கதாநாயகியைப் பாதாளச் சிறையில் பூட்டுகிறார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது அவள் கையிலிருந்து ஒரு வெளிச்சம் கிளம்பிக் கதவைச் சாம்பலாக்குகிறது.

“இந்த வெளிச்சம் எங்கிருந்து வந்துச்சு?” என்று கேட்டேன்.

“அவளுக்குள்ள இருந்துச்சுங்க. அப்பதான் அவளுக்கே தெரியுது.”

“படிக்கிறவனுக்கும் அப்பதான தெரியுது? அப்ப முந்நூறு பக்கமா எதுக்கு பயந்தேன்? எப்ப வேணா இப்படி ஒண்ணு வரும்னா பயமே இல்லையே.”

அவள் முகம் சுருங்கியது. கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தாள்.

“பகல்லயும் சாகக்கூடாது, ராத்திரியும் சாகக்கூடாது, வீட்டுக்குள்ளயும் வெளியிலயும் சாகக்கூடாதுன்னு ஒரு அசுரன் வரம் வாங்கினானே. வரத்தை முதல்லயே முழுசா சொல்லிட்டாங்க. அதனாலதான் அந்தி நேரத்துல வாசப்படின்னு கேட்டதும் நமக்குச் சிலிர்க்குது. நான் வரத்தைச் சொல்லாமயே ஓட்டையைக் காமிச்சுட்டேனுங்க. தப்பு என்மேலதான்.”

நோட்டில் கனம் மாற்றுவதற்கான விதிகள் இருந்தன. கொடுக்கும் பொருள், வாங்கும் பொருள் இரண்டும் ஒரே நேரத்தில் அவள் வெறும் தோலில் பட வேண்டும். எடுத்த கனம் மறையாது. எங்காவது போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். கனம்தான் மாறும், உறுதி மாறாது. நூலுக்குள் பாறையின் கனத்தைப் போட்டால் நூல் அறுந்துவிடும். எவ்வளவு மாற்றுகிறாளோ அவ்வளவுக்கு உடம்பின் சூடு போகும். அதற்குக் கீழே பெரிய எழுத்தில், “அவளால் முடியாததுதான் கதை” என்று எழுதியிருந்தாள்.

அதோடு நிறுத்தவில்லை. இப்படிச் சிலர் இருக்கும் ஊரில் தராசை யார் நம்புவார்கள் என்று யோசித்திருந்தாள். அதனால் அந்த நகரத்தில் சட்டம்: சக்தி உள்ளவர்கள் கையுறை இல்லாமல் வெளியே வரக்கூடாது. தராசு வைத்த கடைகளில் வாசலிலேயே கையைச் சோதிப்பார்கள். சக்தி கையில்தான் இருக்கிறது என்று ஊரே நம்பியது. ஆனால் இரண்டாம் அத்தியாயத்தில், தொட்டிலில் கிடக்கும் குழந்தை கன்னத்தாலேயே கனத்தை மாற்றிவிடுகிறது. அதைப் பார்த்தது அதன் தாய் மட்டும்தான்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அந்த உற்சாகத்தில்தான் நான் தப்புப் பண்ணினேன்.

“அந்த ஏரிக்கும் இதே மாதிரி எழுது. யாரைக் கூப்பிடும், எத்தனை தடவை, எவ்வளவு தூரம் வரைக்கும். ஸ்பெக் இல்லாம, அதாவது எழுதின விதி இல்லாம விடாதே.”

அவளுக்கு மனசில்லை. இருந்தும் என் பேச்சைக் கேட்டு எழுதினாள். பௌர்ணமியில் மட்டும், கரையிலிருந்து நூறு அடிக்குள், வருஷத்துக்கு மூன்று பேர்.

நூலகத்தில் சனிக்கிழமை காலைகளில் எழுதுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். நாவலை அத்தியாயம் அத்தியாயமாக அங்கே வாசித்து வந்தாள்; ஏரி அத்தியாயத்தைப் போன மாதமே வாசித்திருந்தாள், இப்போது மாற்றி எழுதியதை வாசித்தாள். அவர்களில் ஒருவர் பாலம் கட்டும் இன்ஜினியராக இருந்து ஓய்வுபெற்ற டெக்சஸ்காரர். வாசித்து முடித்ததும் அவர் மரியாதையாகச் சொன்னார்: போன மாதம் இந்த ஏரியைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில் காரில் ரேடியோ போட்டுக்கொண்டேன், தனியாக இருக்கப் பயமாக இருந்தது, இன்றைக்கு பஸ் டைம்டேபிள் கேட்ட மாதிரி இருக்கிறது.

திரும்பி வரும்போது டோல்வே நெடுஞ்சாலையில் அவள் அந்த அத்தியாயத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

“அவ சக்தியும் இந்த ஏரியும் வேற வேறங்க. ஊர் எல்லைச் சாமி ஏன் இன்னிக்கு வேட்டைக்குப் போகுதுன்னு யாராச்சும் ரூல் கேட்டாங்களா? கேட்டா அப்புறம் கும்பிட மாட்டாங்க. ஏரிக்கு விதி வேண்டாம். ஆனா ஒண்ணு, அந்த ஏரி யாரையும் காப்பாத்தக் கூடாது. பயமுறுத்தலாம், இழுத்துக்கிட்டுப் போகலாம், கஷ்டத்தைக் கொண்டுவரலாம். கஷ்டத்தைத் தீர்க்கறது மட்டும் விதி தெரிஞ்ச சக்தியாதான் இருக்கணும்.”

இன்றைக்கு இதற்கெல்லாம் பெயர் இருக்கிறது. விதி தெரிந்ததை ஹார்ட் மேஜிக், தெரியாததை சாஃப்ட் மேஜிக் என்கிறார்கள். அந்தப் பெயர்கள் எங்கள் காதில் விழுவதற்குப் பல வருஷம் முன்பே அவள் காரில் உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்துவிட்டாள். என் பேச்சைக் கேட்டு எழுதிய பௌர்ணமியையும் நூறு அடியையும் வீட்டுக்குப் போனதும் கோடு போட்டு அடித்தாள்.

கடைசி அத்தியாயத்தை நான்கு மாதம் திருத்தி எழுதினாள். என்னிடம் காட்டவில்லை. நூலகத்தில் வாசித்த அன்று, பின்வரிசையில் உட்கார்ந்து நானும் முதல்தடவையாகக் கேட்டேன்.

கதாநாயகியைப் பிடித்துக் கைகளைத் தோலுறைக்குள் வைத்துத் தைத்துவிடுகிறார்கள். ஆற்றின் மேல் மரக்கட்டைகளால் கட்டிய சிறை. எழுந்து நிற்க முடியாத உயரம். மேலே கல் மூடி. வெளியே இரும்புத் தாழ். அவமானப்படுத்துவதற்காகக் காவலர்கள் அவள் செருப்பைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். அவள் மல்லாந்து படுத்து மூடியைப் பார்க்கிறாள். அதன் கனத்தை எடுத்தாலும் தாழ் திறக்காது.

இந்த இடத்தில் தண்ணீர் குடிக்க வாசிப்பை நிறுத்தினாள். அந்த இன்ஜினியர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

“ஹெர் ஷூஸ்! தே டுக் ஹெர் ஷூஸ்! த ஃப்ளோர்!” செருப்பைப் பிடுங்கிவிட்டார்களே, கீழே தரை இருக்கிறதே என்று கத்தினார்.

தொட்டில் குழந்தை கன்னத்தால் செய்ததைக் காலாலும் செய்யலாம். ஒரு வெறுங்கால் மேலே கல்லில், மறுகால் கீழே பலகையில். மூடியைத் தூக்க வேண்டியதே இல்லை; அதன் கனத்தைத் தரைக்குள் இறக்கினால் போதும். பலகையின் உறுதி மாறாது. அது முறியும்.

என் மனைவி புன்னகையோடு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அதில் பலகை முறிந்தது. கதாநாயகி ஆற்றில் விழுந்து தப்பித்தாள். சூடு போனதில் அவள் வலது காலின் இரண்டு விரல்களுக்கு உணர்வு திரும்பவே இல்லை.

எல்லோரும் கை தட்டினார்கள். இன்ஜினியர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: நீ சொல்வதற்கு அரை நிமிஷம் முன்னால் எனக்கே தெரிந்தது, அதைவிடப் பெரிய மரியாதையை எனக்கு நீ தந்திருக்க முடியாது. வெளிச்சம் வந்த பழைய முடிவைக் கேட்டு ஒரு மனிதனும் இப்படி எழுந்திருக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

நாவலை மூன்று பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. அந்தச் சிறை அத்தியாயத்தை மட்டும் சிறுகதையாக்கி அனுப்பியதை ஒரு சின்னப் பத்திரிகை ஏற்றுக்கொண்டது. பத்திரிகை தபாலில் வந்த வாரம் இந்தியன் ஸ்டோரில், அவரவர் சமைத்துக் கொண்டுவரும் பொங்கல் பாட்லக்கில், ஆபீஸ் லஞ்ச் ரூமில் என்று கண்ணில் பட்டவரையெல்லாம் நிறுத்திக் காட்டினேன்.

“போதுமுங்க, மானம் போகுது,” என்றாள் அவள்.

“நான்தான் முதல் டெஸ்டர். எனக்குப் பாத்தியதை இருக்கு,” என்றேன்.

“பாதி பக் உங்களுதுதான,” என்று சிரித்தாள். எங்கள் தொழிலில் பக் என்றால் பிழை; நான் விதி எழுதச் சொன்ன ஏரியைச் சொல்கிறாள். எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.