விளக்கு அணைந்த போர்ட்

ஸ்ரீரங்கம் வடக்கு உத்தர வீதியில் கமலினியின் வீட்டு முன்னறைச் சன்னல் எப்போதும் சாத்தியே இருக்கும். வாசலில் மேளச் சத்தம் கேட்டாலும் அது திறக்காது. அயல்நாட்டு மருத்துவமனைகளின் சிகிச்சைக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டை இடுவது அவளுடைய வேலை. நோயாளிகளின் விவரம் பிறர் கண்ணில் படக்கூடாது என்பதற்காகச் சன்னலை மூடி வைக்கச் சொல்லியிருந்தது நிறுவனம்.

வேறு விதிகளும் இருந்தன. நிறுவனம் தந்த மடிக்கணினியில் வைஃபை இயங்காது. இணையம் ஈதர்நெட் கேபிள் வழியாகவே வரவேண்டும். யு.எஸ்.பி வழியாக எந்தக் கருவியையும் இணைக்க முடியாது. இணைத்தாலும் கணினி ஏற்றுக்கொள்ளாது. கேபிளைச் சொருகக் கணினியின் பக்கவாட்டில் இருக்கும் அந்த ஒரே போர்ட்டின் வழியாகத்தான் அந்த வீட்டுக்குள் சம்பளம் வந்தது.

கமலினி துறையூரில் பிறந்தவள்; வணிகவியல் படித்தவள். கணவர் ஜகன்னாதன் சத்திரம் பேருந்து நிலையத்தை அடுத்த ஒரு தங்கும் விடுதியில் கணக்கராக இருந்தார். பக்கவாதம் அவரைக் கட்டிலில் கிடத்திய பிறகு, நாற்பத்தைந்து வயதில் அவள் தில்லைநகருக்கு நகரப் பேருந்தில் சென்று, தன் மகள் வயதுப் பெண்களோடு அமர்ந்து இந்தக் குறியீட்டுக் கல்வியைக் கற்றாள். உடலின் எலும்புகள் அனைத்தையும் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தாள். தேர்வில் வென்றாள். வீட்டிலிருந்தபடியே பார்க்கும் வேலை கிடைத்தது. கணவரைத் திருப்பிப் படுக்க வைக்கவும், கைப்பயிற்சி தரவும், அதே அறையில் சம்பாதிக்கவும் முடிந்தது. இதைவிட்டால் அவளுக்கு வேறு வேலை பொருந்தாது; காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் எந்த வேலைக்கும் அவளால் போக இயலாது.

சென்ற சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களோடு மடிக்கணினியையும் மணைமேல் வைத்திருந்தாள். சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தபோது ஜகன்னாதன் தடுத்தார்.

"கிண்ணத்தை இங்க கொண்டா கமலி. நான் இடறேன்."

"உங்களுக்குக் கை நடுங்குமேன்னா."

"நடுங்கினா என்ன? சரஸ்வதி என்ன, கோணலா இட்டா கோவிச்சுப்பாளா?"

நீர்க்கக் கரைத்த சந்தனத்தை அவர் வலக்கை விரலால் தொட்டு, மூடியிலும் ஓரங்களிலும் இட்டார். வழிந்தது, சிதறியது, ஆனாலும் இட்டு முடித்தார். நோய்க்குப் பிறகு அந்த வலக்கை தொடங்கிய காரியம் ஒன்றை முடித்தது அதுவே முதன்முறை. கமலினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் வெளியே தெரிந்த சந்தனத்தைத் துடைத்துவிட்டுக் கேபிளைச் சொருகி வேலையைத் தொடங்கினாள்.

மார்கழி பிறப்பதற்குள் இணைப்பு அறுபடத் தொடங்கிற்று. ஒரு குறிப்பைப் பாதி படித்துக்கொண்டிருக்கையில் திரை உறைந்துவிடும். ரௌட்டரில் அவளுடைய கேபிள் சொருகியிருந்த இரண்டாம் போர்ட்டின் பச்சை விளக்கு அணைந்துவிடும். சற்று நேரத்தில் தானே எரியும். மற்ற விளக்குகள் எரிந்தபடியே இருக்கும்.

அந்தப் பகுதிக்கு இணைய இணைப்புத் தருபவன் ஆஸ்டின். பொன்மலைக்காரன், அம்மாமண்டபம் சாலையில் சிறிய அலுவலகம் வைத்திருந்தான். அழைத்ததும் வந்தான்.

"ரெண்டாம் போர்ட்டு போயிடுச்சு மாமி. கேபிளும் பழசு" என்று சொல்லி, புதிய கேபிள் ஒன்றை மூன்றாம் போர்ட்டில் சொருகினான். விளக்கு நிலையாக எரிந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் குற்றவாளி எது என்று தெரியாதே என்று இருவருமே எண்ணவில்லை. எரிந்ததே போதும் என்றிருந்தது. கோளாறு நீங்கிவிட்டதென்று கமலினி நிறுவனத்துக்கு எழுதினாள்.

அந்த வாரமே மறுபடியும் அறுந்தது. ஆஸ்டின் வந்து எல்லாவற்றையும் பிடுங்கிச் சொருகினான், எரிந்தது. அவளும் மறுபடியும் எழுதினாள். மறுபடியும் அறுந்தது.

சென்னையிலிருந்து மேற்பார்வையாளர் ஜாஹ்னவி அழைத்தாள். கமலினியைவிட மிகவும் இளையவள். குரலில் கடுமை இல்லை. கடுமை இல்லாததே கமலினிக்கு அச்சமூட்டியது.

"மேம், சரியாயிடுச்சுன்னு ரெண்டு தடவை மெயில் போட்டிருக்கீங்க. கிளையண்ட் என்கிட்ட கேக்கறாங்க. திங்கட்கிழமைக்குள்ள எதுல கோளாறுன்னு உறுதியா சொல்லுங்க. உங்க லைன்ல இருந்தா சரி பண்ணிட்டு வாங்க. லேப்டாப்ல இருந்தா வேற தரோம். மறுபடி நடுவுல கட்டானா உங்க காண்ட்ராக்ட்டைப் புதுப்பிக்க முடியாது மேம். சாரி."

சனிக்கிழமை காலையில் ஆஸ்டின் தன் மடிக்கணினியையும், சோதித்துப் பார்த்த கேபிள் ஒன்றையும் எடுத்துக்கொண்டு வந்தான்.

"இந்தத் தடவை ஒண்ணு ஒண்ணாத்தான் பாக்கணும்" என்றாள் கமலினி. "ஒண்ணை மாத்து. காத்திருந்து பாரு. அதைப் பழையபடி வெச்சுட்டு அடுத்ததை மாத்து. ரெண்டைச் சேத்துத் தொடவே கூடாது."

"பரீட்சை ஹால் மாதிரியே இருக்கு மாமி. பேனா கீழ விழுந்தாக்கூட எடுக்க விடமாட்டீங்க போல."

"போன தடவை நீ பண்ணின காரியத்துக்கு உன்னை வாசல்லயே நிறுத்தியிருக்கணும்."

"அது நியாயம்தான்."

முதலில் எல்லாவற்றையும் கோளாறு தொடங்கிய நாளில் இருந்தபடியே அமைத்தார்கள்: இரண்டாம் போர்ட், பழைய கேபிள், அவளுடைய கணினி. அவள் பயிற்சிப் பாடக் காணொளி ஒன்றை ஓடவிட்டாள். ஆஸ்டின் ரௌட்டரின் முன் சம்மணமிட்டு அமர்ந்தான். காப்பி ஆறுவதற்குள் விளக்கு அணைந்தது. கோளாறு கண்முன் வந்துவிட்டது. இனி அதைத் துரத்தலாம்.

போர்ட்டை மட்டும் மாற்றினார்கள். அதே கேபிளின் முனை இரண்டிலிருந்து மூன்றுக்குச் சென்றது. எரிந்தது. இப்படியே எரியட்டும் என்று கமலினி வேண்டிக்கொண்டாள். ரௌட்டரின் ஒரு போர்ட் கெட்டதென்றால் இன்றே வேறு ரௌட்டர் வைத்துவிடலாம். ஜகன்னாதனுக்குக் கஞ்சி புகட்டிவிட்டு அவள் திரும்பியபோது ஆஸ்டின் உதட்டைப் பிதுக்கினான். மூன்றாம் விளக்கும் அணைந்திருந்தது.

"ரெண்டு போர்ட்டும் ஒண்ணாக் கெட்டிருக்குமோ?" என்று கேட்டாள்.

"கெடலாம். ஆனா அப்படி நம்பிக்கிட்டு உக்காரக் கூடாதுல்ல?"

முனையை மறுபடியும் இரண்டாம் போர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கேபிளை மட்டும் மாற்றினார்கள். ஆஸ்டினின் கேபிள் புதியது, நல்லதென்று தெரிந்தது. இதிலாவது நின்றால் பழைய கேபிளைத் தூக்கி எறிந்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. கமலினியின் முகத்தில் சிரிப்புத் தோன்றும் நேரத்தில் அணைந்தது.

பழைய கேபிளையே திரும்ப இட்டார்கள். இம்முறை கணினியை மட்டும் மாற்றினார்கள். சந்தேகத்துக்குரிய போர்ட், சந்தேகத்துக்குரிய கேபிள், ஆஸ்டினின் கணினி. அதிலும் ஒரு காணொளியை ஓடவிட்டார்கள். இதுவும் அணைய வேண்டும் என்று கமலினி விரும்பினாள். அணைந்தால் குற்றம் இந்த வீட்டு ரௌட்டரிலோ கேபிளிலோ இருக்கும்; இன்றே மாற்றிவிடலாம். மதியச் சாப்பாடு முடிந்தது. கணவருக்குக் கைப்பயிற்சி முடிந்தது. அவர் ஒரு தூக்கம் தூங்கி எழுந்தார். விளக்கு அசையாமல் எரிந்தது. நன்றாக எரியும் ஒரு விளக்கை அவள் வாழ்நாளில் இப்படி வெறுத்ததில்லை.

"என்னடி, சரியாயிடுத்தா?" என்றார் ஜகன்னாதன் கட்டிலிலிருந்து.

"பாத்துண்டிருக்கோம்னா."

ஆஸ்டின் தணிந்த குரலில் சொன்னான்: "போர்ட்டும் நல்லாருக்கு, கேபிளும் நல்லாருக்கு மாமி. லேப்டாப்தான். எதுக்கும் என் ஆபீஸ் நெட்வொர்க் சுவிட்சுல ஒரு தடவை போட்டுப் பாத்துடுவோம். லேப்டாப்தான்னா அதுவும் ஒரு வகையில நல்லது. கம்பெனி பொருள், அவங்க மாத்திக் கொடுப்பாங்க. நீங்க ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க?"

அது உண்மையே. வேறு தருவதாக ஜாஹ்னவி சொல்லியிருந்தாள். பக்கத்து வீட்டு ரங்கம்மாவைக் கணவருக்குத் துணை வைத்துவிட்டு, ஆட்டோவில் அம்மாமண்டபம் சாலைக்குச் செல்லும் வழியெல்லாம் அந்தச் சொல்லையே கமலினி பற்றிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்டினின் அலுவலகத்தில் வேறு சுவிட்ச், வேறு கேபிள், வேறு மின்சாரம். அங்கும் அவளுடைய கணினியின் விளக்கே அணைந்தது. இனி ஐயத்துக்கு இடமில்லை. கேபிளை உருவிவிட்டு, ஆஸ்டின் கணினியைச் சாய்த்துக் கைப்பேசி வெளிச்சத்தைப் போர்ட்டுக்குள் அடித்தான்.

"மாமி, உள்ள என்ன மஞ்சளாக் காஞ்சு கிடக்கு?"

அவள் குனிந்து பார்த்தாள். போர்ட்டுக்குள் வரிசையாக நின்ற பொன்னிறக் கம்பிகளின் அடியில் சந்தனம் பொருக்காக ஒட்டியிருந்தது. இரண்டு கம்பிகளில் பச்சை பூத்திருந்தது.

"ஒவ்வொரு தடவை சொருகும்போதும் கம்பி உரசி கொஞ்ச நேரம் ஒட்டியிருக்கு. அதான் நாம ஏமாந்துட்டோம்" என்றான். அவன் மேலும் ஏதோ சொன்னான், அவளுக்குக் கேட்கவில்லை. கிண்ணத்தில் தோய்ந்து நடுங்கிய ஒரு விரல் மட்டும் அவள் கண்முன் நின்றது.

ஆஸ்டின் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து மெல்லத் துடைத்தான். பஞ்சு மஞ்சளானது, சந்தன வாசனை கூட வந்தது. காய்ந்த பின் சொருகினான். அலுவலகத்தை மூடும் நேரம் வரை எரிந்தது. பிறகு அணைந்தது. கம்பிகளை அரிப்பு தின்றிருந்தது.

"இப்பதான் சந்தனம் தெரியலையே. தானா கெட்டுதுன்னு சொல்லிடுங்க மாமி. நான் எதையும் பாக்கலை."

"அந்தப் பச்சையை என்ன பண்ணுவே?"

அவன் பஞ்சைச் சுருட்டிக் குப்பையில் எறிந்தான்.

திங்கட்கிழமை கண்டோன்மெண்டில் இருந்த நிறுவனக் கிளைக்குக் கமலினி கணினியை எடுத்துச் சென்றாள். எந்த வரிசையில் சோதித்தார்கள் என்பதையும், போர்ட்டுக்குள் கண்டதையும் மறைக்காமல் சொன்னாள். கணினிப் பிரிவுக்காரர் உள்ளே பார்த்துவிட்டுத் தலையசைத்தார். ஈரம் பட்டுக் கெட்ட கருவிக்கு நிறுவனம் மாற்றுத் தராது, சொந்தக் கணினியில் வேலை பார்க்கவும் விடாது என்றார். ஜாஹ்னவி தொலைபேசியில் வந்தாள்.

"இவ்ளோ தெளிவா யாருமே டெஸ்ட் பண்ணிச் சொன்னதில்லை மேம். ஆனா டேமேஜ் உங்க பக்கம்னு ஆயிடுச்சு. உங்க ஃபைல்ஸை வேற ஆளுக்கு மாத்தச் சொல்லிட்டாங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியலை."

அடையாள அட்டையை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். பேருந்து காவிரிப் பாலத்தைக் கடக்கையில் யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். அவள் நின்றபடியே வந்தாள்.

ஜகன்னாதன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ரங்கம்மா கொடுத்த ரப்பர் பந்தை வலக்கையால் அமுக்கிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா? லேப்டாப் எங்க?"

"வாங்கிண்டுட்டா. நம்ம லைன் இந்த வேலைக்குச் சரிப்படாதாம்."

"லைன்லதான் கோளாறா? நான் அப்பவே சொன்னேனோல்லியோ, அந்த ஆஸ்டினுக்கு ஒண்ணும் தெரியலைன்னு."

"ஆமாம்" என்றாள் கமலினி.

அவர் பந்தை உயர்த்திக் காட்டினார். விரல்கள் முழுவதுமாக மடங்கியிருந்தன. "பாத்தியா? வேற கம்பெனி கிடைக்காமலா போயிடும்? அடுத்த பூஜைக்கு இன்னும் நன்னா சந்தனம் இட்டுடுவேன், சிந்தாம."

அவள் மேசையைத் துடைத்தாள். ரௌட்டரில் கேபிள் இல்லாத இரண்டாம் போர்ட் இருண்டிருந்தது. பிறகு சென்று சன்னலின் தாழ்ப்பாளை நீக்கினாள். பல மாதங்களாகத் திறக்காததால் கதவு இறுகியிருந்தது. தோளால் தள்ளித் திறந்தாள்.

"அப்பாடா, காத்து என்னமா வரது!" என்றார் ஜகன்னாதன். "இத்தனை நாளா ஏன்டி சாத்தியே வெச்சிண்டிருந்தே?"