சுற்றளவு இருபது, பரப்பு முப்பது

ஆக்லாந்தில் மனுகாவ் பக்கம் ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரியில் கணிதம் கற்பித்தேன். தேர்வுக்கு முந்தைய இரவு, நானே தயாரித்து அச்சான வினாத்தாளைக் களைப்போடு புரட்டியபோது ஏழாவது கேள்வி உறுத்தியது: செவ்வகத்தின் சுற்றளவு இருபது மீட்டர், பரப்பு முப்பது சதுர மீட்டர், பக்கங்கள் என்ன?

அப்படியொரு செவ்வகமே இருக்க முடியாது. நீளமும் அகலமும் சேர்ந்து பத்து. இரண்டும் ஐந்தானால்தான் பரப்பு மிக அதிகம், அதுவும் இருபத்தைந்துதான். காலையில் கரும்பலகையில் முப்பதை இருபத்துநான்கு என்று திருத்தினால் போதும். ஆனால் வகுப்பின் முன் என் தவற்றை ஒப்புக்கொள்ள மனமில்லை. எல்லோருக்கும் அந்த மதிப்பெண்ணைப் போட்டுவிடலாம் என்று படுத்துவிட்டேன்.

தேர்வில் மற்றவர்கள் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போனார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சிவநேசன் போகவில்லை. தேறினால் அவருக்கு ஈஸ்ட் டாமாக்கியில் எலக்ட்ரீஷியன் பயிற்சி வேலை. அவருடைய தாளில் அந்தக் கணக்கு ஐந்து முறை இருந்தது. அடுத்த மூன்று கேள்விகளுக்கு விடையே இல்லை. நான் போட்ட மதிப்பெண்ணைச் சேர்த்தும் அவர் தேறவில்லை.

"மிச்சத்தை ஏன் செய்யல?" என்று அவரிடம் கேட்டேன்.

"நீங்கள் பிழையாத் தரமாட்டியள் எண்டு திருப்பித் திருப்பிச் செய்தன், டீச்சர்."

கேள்விதான் தவறு என்றேன்.

"உங்களுக்கு எப்ப தெரிஞ்சது?"

"முந்தின நாளே."

"ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மறுதேர்வுக்குள் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

மதிப்பெண்ணைத் தர என்னால் முடிந்தது. அவர் அந்தக் கணக்கோடு போராடிய நேரத்தைத் திருப்பித் தர முடியவில்லை.