பகலில் மூன்று மணி நேரத் தூக்கம்

நுவரெலியாவில் ஒரு நீரிழிவு கிளினிக்கில் நான் உணவு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்த ஒருவர் மாதந்தோறும் மனைவியுடன் வருவார். ஒவ்வொரு முறையும் அவருக்கு இரத்தத்தில் சீனி கூடியிருக்கும்.

ஒருநாள் வரிசை முழுவதும் கேட்கக் கத்தினேன்.

"காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ரொட்டி மிஸ். அப்புறம் நாலு பேக்கரிப் பணிசு, சீனி போட்ட தேத்தண்ணி."

"வாயைக் கட்டேலாதோ உங்களுக்கு?"

"வேலை முடிஞ்சு வந்தா அடங்க மாட்டேங்குது மிஸ். வயிறு நெறைஞ்சும் இனிப்பாவே கேக்குது."

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "சாப்பாட்டைப் பூட்டி வையுங்கோ" என்று அவருடைய மனைவியிடம் சொன்னேன். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். கணவர் எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த மாதம் என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாட்கள் சரியாகத் தூங்கவில்லை. ஆறாம் நாள் காலை, சாப்பிட்டுவிட்டு வந்தும் கன்டீனில் மூன்று கிரீம் பணிஸ் தின்றேன். கை தானாகவே நான்காவதை எடுத்தது.

கிளினிக் டாக்டரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடலாம், போதும் என்று சொல்லும் லெப்டின் குறையலாம், மூளை இனிப்பையும் எண்ணெய்ப் பண்டத்தையும் தேடும், இன்சுலினும் சரியாக வேலை செய்யாது என்றார். இதையெல்லாம் படித்துப் பரீட்சை எழுதியவள்தான் நான்.

அந்தத் தொழிற்சாலைத் தொழிலாளி அடுத்த முறை வந்தபோது முதல் கேள்வியாகத் தூக்கத்தைக் கேட்டேன்.

"தோட்டத்து லயத்து வீட்டுல பகல்ல எங்க மிஸ் தூங்குறது? ஒரே செவுரு, பக்கத்து வீட்டு டீவி, புள்ளைங்க சத்தம். மூணு மணி நேரம் படுத்தாப் பெருசு."

பகல் வேலை கொடுக்கும்படி தொழிற்சாலைக்குக் கடிதம் எழுதி டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். பெரிய நன்மை செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

பகல் வேலை காலியில்லை, நோயாளியை இரவில் வைத்திருக்கவும் முடியாது என்று அவரை நிறுத்திவிட்டார்கள். அவர் நுவரெலியா மரக்கறிச் சந்தையில் மூட்டை தூக்கப் போனார். இரவு முழுவதும் லொறி வந்துகொண்டிருக்கும். பகலிலும் வேலை இருந்தது. முன்பு கிடைத்த மூன்று மணி நேரமும் இரண்டாகக் குறைந்தது.

"சந்தைக்கும் எழுதித் தரட்டோ?" என்று கேட்டேன்.

"வேணாம் மிஸ். கும்புடுறேன். இனி எங்கயும் எழுதிறாதீங்க."

மழைக்காலத்தில் மூட்டை விழுந்து காலில் புண் வந்தது. அது ஆறவில்லை. இரண்டு விரல்களை எடுத்தார்கள். வார்டில் நான் போய்ப் பார்த்தபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"எழுப்பாதீங்க" என்றார் மனைவி. "கல்யாணமாகி இப்பத்தான் இந்த மனுசன் இப்படித் தூங்குறதப் பாக்குறேன்."

பிறகு என் பக்கம் திரும்பவேயில்லை.