எழுந்து எத்தனை நிமிஷத்தில்?

என் கணவருக்கு ஒரு நாளைக்கு எட்டு சிகரெட்தான். அதைச் சொல்லும்போது விரதம் இருப்பவர் போல முகத்தை வைத்துக்கொள்வார். பீங்கான் பொம்மை செய்கிற யூனிட்டில் சூளைக்குப் பொறுப்பாளர் அவர். வேப்பூரில் டயர் கடை வைத்திருக்கும் என் அண்ணனுக்குப் பதினைந்து. “மச்சான் மாதிரி நான் அடிமை இல்ல. நெனச்சா நாளைக்கே வுட்டுருவேன்” என்பார் இவர். அந்த நாளை பதினெட்டு வருஷமாக வரவில்லை.

இவருக்கு இருமல் நிற்காமல் போனபோது அரசு ஆஸ்பத்திரி டாக்டர் அவரைப் புகைப்பழக்கம் நிறுத்தும் ஆலோசனை அறைக்கு அனுப்பினார். துணைக்கு அண்ணனையும் இழுத்துக்கொண்டு போனார். என்னைக் கூப்பிடவில்லை. ஏனென்று பிறகு புரிந்தது.

திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: “சிகரெட்டுக்கு எவ்ளோ அடிமைன்னு ஆறு கேள்வி, மொத்தம் பத்து மார்க்கு. எனக்கு சைபர். மச்சானுக்கு ரெண்டு.”

“சைபர் வாங்குனதுக்கா இவ்ளோ சந்தோஷம்?”

“இதுல மார்க்கு கம்மியானாதான் நல்லது. ஒனக்கு எங்க புரியும்.”

இரண்டு பேருக்கும் திங்கட்கிழமை நிறுத்தும் நாள். அண்ணனுக்கு, ஆசை வரும்போது மெல்ல இரண்டு மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம் கொடுத்தார்கள். இவருக்கு மருந்தே தேவைப்படாது, டீக்கடைச் சகவாசத்தைக் குறைத்தால் போதும் என்றார்களாம். சைபர் போட்ட சீட்டை சாமி படத்துக்குப் பக்கத்தில் சொருகி வைத்தார்.

திங்கட்கிழமை விடிந்தது. அவர் எழுந்த சத்தம் கேட்டுப் பின்பக்கம் போனேன். குளியலறைச் சுவருக்குப் பின்னாலிருந்து புகை வந்தது. பல்கூட விளக்கவில்லை. செவ்வாய்க்கிழமை குழம்பில் உப்பு அதிகமென்று தட்டைத் தள்ளினார். வார முடிவில் எட்டு பத்தாகியிருந்தது. அண்ணனோ போனில், “நான் வுட்டுட்டேன் மாப்ள, அவ்ளோ கஷ்டமா தெரியலயே” என்றார். போனை வைத்த இவர், “ஒங்கண்ணன் நெஜமா குடிச்சிருக்கவே மாட்டாரு, சும்மா ஊதிட்டு இருந்திருக்காரு” என்றார்.

அடுத்த வாரம் நானும் கூடப் போனேன். ஆலோசகர் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா. கோபப்படவே இல்லை. “மறுபடி கேக்கறேன் சார். தூங்கி எழுந்து எத்தனை நிமிஷத்துல மொத சிகரெட்டு?”

“யூனிட்டுக்குப் போயிதான். ஒரு மணி நேரம் ஆவும்.”

“கொல்லைக்குப் போற நேரந்தாங்க. அஞ்சு நிமிஷம் ஆவாது” என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் சூளையே பற்றிக்கொள்ளும்.

“இதுக்கே மூணு மார்க்கு” என்றார் அந்த அம்மா. எட்டு சிகரெட்டுக்கு மார்க் இல்லை. எதை விடுவது ரொம்பக் கஷ்டம் என்றதற்குக் காலையில் குடிக்கிற முதலாவதுதான் என்று இவரே ஒப்புக்கொண்டார். எட்டில் ஐந்து பத்து மணிக்கு முன்பே முடிந்துவிடும் என்பதை நான் சொன்னேன். காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோதும் பற்றவைத்தது, சினிமாவில் இடைவேளை வரை பொறுக்காமல் வெளியே ஓடுவது, எல்லாம் சேர்ந்து ஏழு வந்தது.

“ஏழுன்னா அதிகமா?”

“அதிகந்தான். ராத்திரி பூரா நிக்கோட்டின் எறங்கிடுது. எழுந்ததும் ஒடம்பு கேக்குது. எண்ணிக்கைய மட்டும் வச்சு சொல்லிட முடியாது சார். பதினஞ்சு குடிச்சவரு எழுந்து அரை மணிக்கு மேல தாங்கறாரு, நீங்க தாங்கல.”

“அப்ப மச்சானவிட நான் பெரிய ஆளு” என்றார். அந்த அறையில் அதற்குப் பெருமைப்பட்ட ஒரே மனிதர் இவராகத்தான் இருப்பார்.

இம்முறை திட்டம் மாறியது. எண்ணிக்கை பத்துக்குள் என்பதால் தோளில் ஒட்ட நடுத்தர அளவு நிக்கோட்டின் பட்டை. விடியற்காலை ஏக்கத்துக்காக அதை இரவிலும் கழற்றக் கூடாது. அவசரத்துக்கு நான்கு மில்லிகிராம் சூயிங்கம். அந்த அளவை முடிவு செய்தது, எழுந்ததும் அவர் பற்றவைக்கிற முதல் சிகரெட்தான். காரம் தெரியும்வரை மென்று கன்னத்தில் ஒதுக்க வேண்டும், மெல்லும்போது டீ கூடாது, வாராவாரம் வர வேண்டும்.

டீ கூடாது என்றதும்தான் முகம் வாடியது.

பட்டை ஒட்டிய முதல் வாரம் கெட்ட கனவுகள். சூளையைத் திறந்தால் பொம்மைகள் எல்லாம் இருமுகின்றன என்று எழுப்பிச் சொன்னார். “படுக்கும்போது கழட்டலாமா?” என்று போனில் கேட்டதற்கு, கனவு பொறுக்க முடியாவிட்டால் கழற்றலாம், ஆனால் காலையில் கஷ்டம் என்றார் அந்த அம்மா. கழற்றவில்லை. சேத்தியாத்தோப்பில் ஒரு கல்யாணத்தில் ஒரு சிகரெட் குடித்துவிட்டு வந்து, என்னிடம் சொல்லாமல் நேரே ஆலோசகரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அங்கே திட்டு விழவில்லை. பட்டையைத் தொடரச் சொன்னார்கள். மெல்ல மெல்ல அளவைக் குறைத்து ஒருநாள் பட்டையும் நின்றது.

இப்போது காலையில் எழுந்ததும் அவர் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. டீ போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போய் எனக்கும் ஒரு கப் கொண்டுவந்து நீட்டுகிறார். சர்க்கரை அள்ளிக் கொட்டியிருப்பார். “நல்லா இருக்குதுங்க” என்று சொல்லிக் குடித்துவிடுகிறேன்.